ஊர்ப் பள்ளி நூலகத்துக்கு நிதி கேட்கும் வேண்டுகோள்

கிராமத்துப் பள்ளி ஒன்றில் நூலகம் அமைக்க ஊராரிடமும் வெளியூரில் இருப்பவர்களிடமும் பணம் கேட்கும் வேண்டுகோள், பெரும்பாலும் ஒரு கைப்பேசித் திரைக்குள் அடங்கிவிடும் அளவில்தான் இருக்கும். அதைப் படிப்பவர் மனத்தில் மூன்று கேள்விகள் எழும். இப்போதே ஏன் கொடுக்க வேண்டும்? கொடுத்த பணம் எங்கே போகும்? கேட்பவரை நம்பலாமா? மூன்றுக்கும் பதில் சொல்லும் வேண்டுகோள் அரிது. முதல் கேள்விக்கு உரக்கப் பதில் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

பள்ளிக்காக ஊரிடம் கேட்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காமராசர் ஆட்சியில், 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஒவ்வொரு பள்ளியின் தேவைகளும் பட்டியலிடப்பட்டு ஊர் மக்களிடமிருந்து பணமாகவும் பொருளாகவும் பெறப்பட்டன. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளமும் கொடையாளர்களை அரசுப் பள்ளிகளின் தேவைகளோடு இணைக்கத்தான் முயல்கிறது. இரண்டுக்கும் அடிப்படை தேவைப் பட்டியல். அது கையில் இல்லாமல் வேண்டுகோள் எழுத உட்காருவது வீண்.

பட்டியல் எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு பள்ளியை வைத்துப் பார்க்கலாம். 112 பிள்ளைகள் படிக்கும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்பறை காலியாக இருக்கிறது. அரசு தந்த புத்தகங்கள் தலைமை ஆசிரியர் அறையில், பூட்டிய பீரோவில் இருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழு கூடித் தீர்மானம் போடுகிறது: அந்த அறையை நூலகமாக்குவது, செலவு 75,000 ரூபாய். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் இந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். ஆகவே தீர்மானத்தின் எண்ணும் தேதியும் வேண்டுகோளில் இடம்பெற்றால், யாரோ ஒரு தனியாள் கேட்கவில்லை, பள்ளியே கேட்கிறது என்பது தெரிந்துவிடும். அரசு ஊழியர் தம் பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட நடத்தை விதிகளில் கட்டுப்பாடு உண்டு என்பதால், ஆசிரியர்களுக்கும் இதுவே பாதுகாப்பான வழி.

75,000 ரூபாய் எப்படி வந்தது? புத்தகங்கள் 500. சராசரி அட்டை விலை 80 ரூபாய். மாவட்டப் புத்தகக் கண்காட்சியில் பத்து விழுக்காடு கழிவு போக ஒன்று 72 ரூபாய், மொத்தம் 36,000. குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், அட்டை முகம் தெரிய அடுக்கும் இரும்பு ரேக் மூன்று, வரியோடு ஒன்று 6,000 வீதம் 18,000. தரையில் உட்கார்ந்து படிக்கப் பாய்கள் 4,000. மின்விசிறி, விளக்கு, வயரிங் 7,500. பதிவேடு, லேபிள், அட்டை போடும் தாள் 1,500. வண்டி வாடகை 2,000. கிழிந்ததும் தொலைந்ததுமான புத்தகங்களுக்குப் பதில் வாங்க அடுத்த ஆண்டுக்கான இருப்பு 6,000. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, ரேக்குக்கு உண்டு. விலை கேட்கும்போதே வரியோடு கேட்டு எழுதாவிட்டால், பில் வரும்போது கணக்கு உதைக்கும்.

ஊருக்கு வெளியே கேட்பதற்கு முன் ஊருக்குள் கேட்க வேண்டும். இந்தப் பள்ளியில் ஆசிரியர்கள், குழு உறுப்பினர்கள், முன்னாள் மாணவர் சிலர் சேர்ந்து 21,000 ரூபாய் போட்டுவிட்டார்கள் என்று கொள்வோம். பாய், மின்வேலை, பதிவேடு, வண்டி வாடகை, இருப்பு ஐந்துக்கும் அந்தத் தொகை சரியாக இருக்கிறது. வெளியாரிடம் கேட்க வேண்டியது 54,000. அது முழுவதும் புத்தகத்துக்கும் ரேக்குக்கும் போகும். அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரைலி இருவரும் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்துக்குக் கணினிகள் வாங்க நிதி கேட்டு, 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதையே சோதித்தார்கள். தேவையான தொகையில் பத்து விழுக்காடு ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று சொன்ன கடிதங்களைவிட, 67 விழுக்காடு இருக்கிறது என்று சொன்ன கடிதங்களுக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு பணம் வந்தது. கேட்பவர்களே முதலில் போட்டிருக்கிறார்கள், இந்த வேலை நடந்துவிடும் என்ற எண்ணம் கொடுப்பவருக்குத் தைரியம் தருகிறது. வண்டி வாடகைக்கும் லேபிளுக்கும் என்று கேட்டால் பலருக்கு மனம் வராது; அந்தச் செலவை உள்ளூரே ஏற்றுக்கொண்டது அதனாலும் நல்லது.

அடுத்தது அவசரம். வேண்டுகோள் எழுதுபவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இங்கேதான். 'உடனே உதவுங்கள்', 'நேரம் இல்லை', 'இந்தக் குழந்தைகளின் எதிர்காலமே உங்கள் கையில்' என்று எழுதுகிறார்கள். நூலகம் ஒரு மாதம் தள்ளித் திறந்தால் யாருடைய எதிர்காலமும் அழிந்துவிடாது. படிப்பவருக்கும் அது தெரியும். தெரிந்த பிறகு மற்ற வரிகள்மீதும் சந்தேகம் விழும். ஆனால் உண்மையான அவசரம் ஒன்று எப்போதும் எங்காவது இருக்கும், தேடி எடுக்க வேண்டும். நம் பள்ளிக்கு அது நாட்காட்டியில் இருக்கிறது. மாவட்டப் புத்தகக் கண்காட்சி பிப்ரவரி 16ஆம் தேதி முடிகிறது. அதற்குள் பணம் சேர்ந்தால் 36,000 ரூபாய்க்கு 500 புத்தகம் கிடைக்கும். கழிவு போய்விட்டால் அதே பணத்துக்கு 450தான். ரேக் செய்யும் பட்டறை மூன்று வாரம் கேட்கிறது. மார்ச் நடுவில் அறை திறந்தால், கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் புத்தகம் எடுத்துப் போகலாம். தவறினால் ஜூனில்தான். அவ்வளவுதான் அவசரம். தவறினால் என்ன ஆகும் என்பதையும் அளவோடு சொல்லிவிட்டால், அந்தத் தேதிக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

வேண்டுகோளின் வாசகம் இப்படி அமையலாம்:

"எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 112 பிள்ளைகள் படிக்கிறார்கள். காலியாக உள்ள ஒரு வகுப்பறையை நூலகமாக்க, பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானித்திருக்கிறது. மொத்தச் செலவு 75,000 ரூபாய். பள்ளி ஆசிரியர்களும் ஊராரும் முன்னாள் மாணவர்களும் 21,000 தந்துவிட்டார்கள். இன்னும் 54,000 வேண்டும்: 500 புத்தகங்களுக்கு 36,000, மூன்று ரேக்குகளுக்கு 18,000. பிப்ரவரி 12க்குள் பணம் சேர்ந்தால் புத்தகக் கண்காட்சியில் கழிவு விலைக்கு வாங்கலாம். பிந்தினால் 50 புத்தகம் குறையும், நூலகம் ஜூனில் திறக்கும். 54,000 சேர்ந்த அன்றே வசூலை நிறுத்திவிடுவோம். அதற்குள் மிகுதியாக வந்துவிட்டால் அடுத்த ஆண்டு இதே நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவோம். குறைவாக வந்தால் ரேக் இரண்டாகும், புத்தகமும் குறையும். பணம் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ரசீது இரண்டு நாளில் வரும். பில்களோடு முழுக் கணக்கு மார்ச் 31 அன்று பள்ளி அறிவிப்புப் பலகையிலும் இதே குழுக்களிலும் வரும். வரிச்சலுகைச் சான்று தர இயலாது. இது பிப்ரவரி 12க்குப் பின் செல்லாது."

இதில் ஒரு வரி பலருக்குத் தேவையற்றதாகத் தோன்றும்: மிகுதியும் குறைவும் பற்றியது. உண்மையில் மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் ஒரே நாளில் ஐம்பதாயிரம் போட்டுவிடுவார். மிஞ்சிய பணத்தில் நுழைவாயில் வளைவு கட்டலாம் என்று ஒருவர் சொல்வார், ஆண்டு விழாவுக்கு என்று இன்னொருவர். எதற்கென்று கேட்டார்களோ அதற்கே செலவு என்று முன்பே எழுதிவைத்தால் அந்தப் பேச்சு எழாது. குறைவாக வந்தாலும் அப்படியே. 30,000தான் வந்தது என்றால் இரண்டு ரேக்குக்கு 12,000, 250 புத்தகத்துக்கு 18,000 என்று நூலகத்தைச் சிறிதாகத் திறந்துவிடலாம். 'முழுத் தொகையும் வந்தால்தான்' என்று வேலையைத் தொங்கவிடுவதைவிட அது மேல்.

'72 ரூபாய்க்கு ஒரு புத்தகம்' என்று சொல்வது நல்ல உத்திதான். சிறு தொகை கொடுப்பவருக்கு அது கூச்சத்தைப் போக்கும். ஆனால் ஒவ்வொருவர் பணத்தையும் ஒவ்வொரு பொருளோடு கட்டிவிடக்கூடாது. எல்லோரும் புத்தகத்துக்கு என்றே கொடுத்தால் ரேக்குக்குப் பணம் இருக்காது. எல்லாப் பணமும் ஒரே பட்டியலுக்குப் பொது என்று சொல்லிவிட வேண்டும். பொருளாகத் தருவதற்கும் எல்லை குறிக்க வேண்டும். 'பழைய புத்தகம் தரலாம்' என்று பொதுவாக எழுதினால் மூட்டைகளில் வருவது பழைய பாடநூலும், நுழைவுத்தேர்வு கைடும், பல ஆண்டுக்கு முந்திய வார இதழும்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவற்றால் என்ன பயன்? வேண்டிய தலைப்புகளைப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலில் உள்ளதை மட்டும் ஏற்போம் என்பதே சரி.

படம் போடுவது தனிச் சிக்கல். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பசிக்கொடுமை பற்றிய புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் பெயரையும் கண்டவர்கள் இரண்டு மடங்கு பணம் கொடுத்தார்கள். நிதி திரட்டுபவர்கள் எல்லோரும் அறிந்த உண்மை இது. கிழிந்த சீருடையோடு ஒரு பிள்ளையை நிறுத்திப் படமெடுக்கும் வழக்கம் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளை அதே ஊரில் வாழ வேண்டியவள். படம் நூறு குழுக்களுக்குப் போன பிறகு திரும்பப் பெற முடியாது. அதற்குப் பதில் பூட்டிய பீரோவையும் காலி வகுப்பறையையும் படமெடுத்துப் போடலாம். பிள்ளைகள் படத்தில் வர வேண்டுமானால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்கி, பெயர் போடாமல், வகுப்பாகச் சேர்ந்து படிக்கும் காட்சியாக எடுப்பது போதும். கொஞ்சம் பணம் குறையலாம். குறையட்டும்.

பணம் வரும் வழியில்தான் நம்பிக்கை நிலைக்கிறது அல்லது போகிறது. பள்ளி மேலாண்மைக் குழு பெறும் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கைக்குத் தரப்பட வேண்டும் என்பது கல்வி உரிமை விதிகள் சொல்வது. கணக்கு இருவர் கையெழுத்தில் இயங்குவதால் ஒருவர் மட்டும் பணம் எடுக்க முடியாது. இத்தனை இருக்க, 'சாருடைய ஜிபே நம்பருக்கு அனுப்புங்கள்' என்று எழுதுவது பெருந்தவறு. ஆசிரியர் நேர்மையானவராகவே இருப்பார். ஆனால் அவருடைய சம்பளமும் வீட்டுச் செலவும் ஓடும் கணக்கில் நூலகப் பணத்தைப் பிரித்துக் காட்ட அவராலேயே முடியாது. கியூஆர் படத்தை ஸ்கேன் செய்ததும் திரையில் கணக்குக்கு உரியவர் பெயர் வரும். அந்தப் பெயர் என்னவாக வர வேண்டும் என்பதையும் வேண்டுகோளிலேயே எழுதிவிட்டால், யாராவது படத்தில் வேறு கியூஆரை ஒட்டிப் பரப்பினாலும் கொடுப்பவர் கண்டுகொள்வார். சந்தேகம் உள்ளவர் கூப்பிட இரண்டு பேரின் பள்ளித் தொடர்பு எண் போதும். ஒருவர் பெற்றோராக இருப்பது நல்லது.

கையில் ரொக்கமாகத் தருபவர்களும் கிராமத்தில் நிறைய உண்டு. வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்றே ஒன்று, அதுவும் ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். வாங்கிய ரொக்கம் அடுத்த வேலைநாளில் வங்கிக்குப் போக வேண்டும். ரொக்கத்திலிருந்தே வண்டி வாடகை கொடுத்துவிட்டு மிச்சத்தை வங்கியில் போடுவது வசதிதான். ஆனால் அன்றோடு ரசீதுத் தொகையும் வங்கி வரவும் பொருந்தாமல் போகும். கணக்கு தடுமாறுகிறது என்பதற்கு முதல் அடையாளம் அந்தப் பொருந்தாமையே.

வரிச்சலுகையைப் பற்றி வாய்தவறிக்கூட வாக்குக் கொடுக்கக்கூடாது. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் சலுகை, அதற்குப் பதிவு பெற்ற அமைப்பு தரும் சான்றுக்குத்தான் கிடைக்கும். பள்ளிக் கணக்கில் போட்டதால் தானாக வராது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகையே இல்லை. வெளிநாட்டுப் பணம் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அந்நியப் பங்களிப்பாகாது. அதே ஊர்க்காரர் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், 2010ஆம் ஆண்டின் அந்நியப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணில் அவர் அந்நியர். சொந்த ஊருக்குக் கொடுக்க வந்தவரிடம் பாஸ்போர்ட் பற்றிக் கேட்பது சங்கடம்தான். ஆனாலும் கேட்டாக வேண்டும். அவருடைய பணத்தை வாங்குமுன் கல்வி அலுவலகத்திலோ ஆடிட்டரிடமோ தெளிவு பெற வேண்டும்.

'அரசு பணம் தருகிறதே, பிறகு ஏன் கேட்கிறீர்கள்?' என்று கேட்பவர் இருப்பார். நியாயமான கேள்வி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலையைப் பொறுத்து 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. அது கடைசியாக எந்த ஆண்டு வந்தது, அதில் என்ன வாங்கினார்கள் என்பதை மறைக்காமல் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அதைவிடக் கடினமான கேள்வி, ஏற்கெனவே உள்ள புத்தகம் ஏன் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது என்பது. காரணம் ஆசிரியரின் சோம்பல் அல்ல. புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறிய சொத்து. தொலைந்தால் பொறுப்பில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் பூட்டு விழுகிறது. புதிதாக வரும் 500 புத்தகமும் அதே பீரோவுக்குப் போகாது என்பதற்கு வேண்டுகோள் என்ன உறுதி தருகிறது? நம் பள்ளி அதற்கு இரண்டு ஏற்பாடு செய்கிறது. கொடையில் வாங்கிய புத்தகங்களுக்குத் தனிப் பதிவேடு; ஆண்டுக்கு இத்தனை புத்தகம் கிழியும், தொலையும் என்று முன்கூட்டியே குழு தீர்மானத்தில் ஒப்புக்கொண்டு, அதற்குத்தான் 6,000 ரூபாய் இருப்பு. எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு அறை திறந்திருக்கும், திறப்பது யார் என்பது இரண்டாவது ஏற்பாடு. நூலகப் பாடவேளை தவிர மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம், பொறுப்பு ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்று எழுதிவிட்டால் கொடுப்பவர் கண்முன் அந்த அறை திறந்து நிற்கும்.

பணம் சேரச்சேர, வாரம் ஒருமுறை நிலவரம் வெளியாக வேண்டும்: இதுவரை இவ்வளவு, இன்னும் இவ்வளவு. பெயர் வெளியிடச் சம்மதித்தவர் பெயரோடு, மற்றவர் பரிமாற்ற எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தோடு. தன் பணம் சேர்ந்ததை அவரவர் தாமே சரிபார்த்துக்கொள்ள அது போதும். பெரிய தொகையை மேலேயும் சிறிய தொகையைக் கீழேயும் போடாமல் வந்த வரிசையில் போடுவது மரியாதை. ஐம்பது ரூபாய் கொடுத்த கூலித் தொழிலாளியும் அதைப் படிப்பார்.

இறுதிக் கணக்கில் மதிப்பீடும் உண்மைச் செலவும் அருகருகே இருக்க வேண்டும். அவை அச்சாகப் பொருந்தினால்தான் ஐயப்பட வேண்டும். நம் பள்ளியில் பட்டறைக்காரர், ஈரச் சுவருக்கு மெல்லிய தகடு தாங்காது என்று தடித்த தகட்டில் செய்ததால் ரேக் 18,000க்குப் பதில் 19,800 ஆனது என்று கொள்வோம். 1,800 கூடுதல். பாய் 3,200க்கே முடிந்ததால் 800 அங்கிருந்து வந்தது. மீதி 1,000 இருப்பிலிருந்து எடுக்கப்பட்டு, இருப்பு 5,000 ஆனது. குழு அதற்கு ஒப்புதல் தந்த தேதி இது. இப்படி நான்கு வரி எழுதி, பில்களின் படத்தையும் சேர்த்துவிட்டால் போதும். வாங்கிய புத்தகங்களின் தலைப்புப் பட்டியல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் '500 புத்தகம்' என்ற எண்ணிக்கைக்குள் விற்காமல் தேங்கிய எதையும் அடைத்துவிடலாம்.

54,000 சேர்ந்த அன்று 'நிறைவடைந்தது, இனி அனுப்ப வேண்டாம்' என்ற அறிவிப்பு முதல் வேண்டுகோள் போன எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போக வேண்டும். அப்படியும் பழைய செய்தி அடங்காது. இரண்டு ஆண்டு கழித்து எங்கோ ஒரு குழுவில் புதிதுபோல் கிளம்பும். அதனால்தான் முடிவுத் தேதி வாசகத்தில் மட்டும் இருந்தால் போதாது, கியூஆர் உள்ள படத்தின் மேலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தேதிக்குப் பின் வந்த பணத்தை அனுப்பியவருக்குத் திருப்ப வேண்டும். அடையாளம் தெரியாவிட்டால் 'மிகுதி' என்ற தலைப்பில், சொன்ன வாக்குப்படியே, அடுத்த ஆண்டுப் புத்தகத்துக்கு வைக்க வேண்டும்.

பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இன்னும் ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. அதில் பணக் கணக்கு வேண்டாம். இரவல் பதிவேட்டிலிருந்து மாதந்தோறும் எத்தனை புத்தகம் வெளியே போனது, எது அதிகம் போனது, எத்தனை திரும்பவில்லை, அவற்றுக்குப் பதில் இருப்புத் தொகையில் வாங்கியவை எவை என்பது போதும். திரும்பாதவற்றின் எண்ணிக்கையையும் வெளிப்படையாகப் போட வேண்டும். ஒன்றுகூடத் தொலையவில்லை என்று ஒரு கிராமப் பள்ளி நூலகம் அறிவித்தால், பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கொடையாளர் கேட்கலாம்.